டம்ளரில் வைத்த பல்

என் மாமியார் நீலாம்பாள் அத்தைக்கு வயிறு சரியில்லை என்றால் பழி என் தலையில்தான் விடியும். "பிருந்தா புளியை அள்ளிக் கொட்டுதா" என்று எதிர்வீட்டில் பேசியது என் காதுக்கே வந்தது. என் கணவர் கார்த்திகேசன் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். குழம்பை மட்டும் முகர்ந்து பார்ப்பார். அது போதாதா?

சாப்பிட்டால் அத்தைக்கு நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் இருக்கும். ஏப்பம், உப்புசம், விடியும்வரை புரளல். ஆள் பாதியாகிவிட்டார். பாளையங்கோட்டையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், வயிற்றில் ஒன்றுமில்லை. பிசைகிற வலிக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார்கள். சிறுநீரை அடக்க முடியவில்லை என்று அதற்கு ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா மென்னு சாப்பிடுதாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பல்செட் இருக்கு டாக்டர். எந்நேரமும் மாட்டிக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றார் என் கணவர். அத்தையிடம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர் அவர்தான்.

பொய்யில்லை. மாமாவின் அறுபதாம் கல்யாணப் படத்துக்காகக் கட்டிய செட் அது. பால்காரர் வந்தால்கூடப் பல் இல்லாமல் அத்தை வாசலுக்குப் போக மாட்டார்.

ஆனால் அத்தை சாப்பிட்டு யார் பார்த்தார்கள்? எல்லாரும் எழுந்த பிறகு, அடுக்களைக் கதவை ஒருக்களித்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் மாமியார் காலத்திலிருந்து அப்படி. பெரிய குடும்பத்துப் பழக்கம் என்று நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோர் எடுக்கக் கதவைத் தள்ளினேன். அத்தை பக்கத்தில் டம்ளர் தண்ணீரில் பல் கிடந்தது. சோற்றையும் சீனி அவரைக்காய்ப் பொரியலையும் உருட்டி வாயில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மாத்திரையை விழுங்குகிற மாதிரி விழுங்கினார்.

"என்னத்தை இது!"

"கதவைச் சாத்துட்டி!" என்று எச்சில் கையாலேயே வாயை மூடிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. பிறகு பைய சொன்னார். "போட்டுக்கிட்டு மென்னா அது ஒரு பக்கம் போவுது, சோறு ஒரு பக்கம் போவுது. குத்துது. வாயில எச்சி ஊறவே மாட்டேங்கு."

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்ட? மறுநாளே ஜங்ஷனில் பல் டாக்டர் தாஜ் முகம்மதுவிடம் கூட்டிப்போனேன். அவர் அத்தையின் வாய்க்குள் விட்ட சின்னக் கண்ணாடி உள்கன்னத்தில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது.

"பாத்தீங்களா, ஈரமே இல்ல" என்று நான் நீட்டிய மருந்துச் சீட்டைப் பார்த்தார். "இந்த மூணு மாத்திரையுமே வாயை வறள வைக்கக்கூடியது. நீங்களா நிறுத்திராதீங்க, குடுத்தவர்ட்ட சொல்லி மாத்துங்க. எச்சி இருந்தாத்தான் செட் ஈறுல பிடிக்கும், மென்ன சோறும் வழுக்கிக்கிட்டு இறங்கும். ஈறு தேஞ்சு போச்சு, செட் அன்னைக்கு எடுத்த அளவுலயே இருக்கு. மெல்லாம முழுசு முழுசா உள்ள போனா வயிறு என்ன செய்யும், பெரியம்மா?"

என் புளி தப்பித்தது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

"ஈறெல்லாம் புண்ணு" என்றார் டாக்டர். "ரெண்டு மூணு வாரம் செட்டைத் தொடக் கூடாது. புண் ஆறுனாத்தான் புதுசுக்கு அளவு எடுக்க முடியும். அதுவரைக்கும் கொழைய வடிச்சு, பெசைஞ்சு குடுங்க."

வயிற்று டாக்டர் இரண்டு மாத்திரைகளை மாற்றிக் கொடுத்தார். அது சுலபமாக முடிந்தது. பல்லைக் கழற்றத்தான் அத்தை சம்மதிக்கவில்லை.

"நம்ம வீடுதானம்மா, யார் பார்க்கப் போறா?" என்று என் கணவர் கெஞ்சினார்.

"உங்க அப்பா என்னையப் பொக்கை வாயாப் பாக்காமலே போய்ச் சேந்தாரு. நீ பாக்கணுமாலே?"

குழைத்த பருப்புச் சோற்றைக் கொண்டுபோய் வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டார். "மாமாவுக்குக் கடைசியில இப்படித்தான் கரைச்சு ஊத்துனேன். எனக்கும் அவ்வளவுதான்னு சொல்லுதியாக்கும்."

பகலெல்லாம் பல்லோடு இருந்தார். புண் ஆறவில்லை. அளவு எடுக்கப் போன இரண்டு முறையும் டாக்டர் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். ஜாக்கெட் தோளில் நிற்க மாட்டேன் என்றது.

தனியே விட்டால்தானே விழுங்குகிறார் என்று, நேற்று என் தட்டையும் எடுத்துக்கொண்டு அடுக்களையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தை பல்லைக் கழற்றவில்லை. ஒரு வாய் மென்றார். முகம் கோணியது. இரண்டாவது வாயில் உதட்டோரம் ரத்தம் கசிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "போதும்ட்டி, வயிறு நெறைஞ்சிட்டு" என்று சிரித்தார். பல் வரிசை அந்த அறுபதாம் கல்யாணப் படத்தில் இருப்பது மாதிரியே இருந்தது.

உட்கார்ந்திருந்தால் பட்டினி கிடப்பார். எழுந்து போனால் முழுசாக விழுங்குவார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவை ஒருக்களித்தேன்.

உள்ளே டம்ளரில் பல் விழுகிற சத்தம் கேட்டது.