குரங்கை மறித்த வரி

குழந்தைகளுக்கான கணினி விளையாட்டில் நான் வரைந்த மரம் இருந்தது, பழம் இருந்தது, குரங்கை மட்டும் காணோம். என் கணினியில் ஜம்மென்று குதிக்கிறது. புரோகிராமரின் கணினியில் அது இல்லை.

"நீங்க அனுப்பவே இல்லக்கா," என்றான் அவன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஃபோல்டரையே மூணு தடவ அனுப்பினேன்டா!"

.gitignore கோப்பைத் திறந்தான். எல்லாருடைய கோப்புகளும் சேரும் பொதுக் கிடங்கான ரெப்போவுக்குள் வரக்கூடாதவற்றின் பட்டியல் அது: பில்ட் ஃபோல்டர், எடிட்டர் குப்பை, கடைசியில் ரகசியச் சாவிக் கோப்புகளைத் தடுக்க அவனே நேற்று எழுதிய *key*. பெயரில் எங்கே key இருந்தாலும் உள்ளே விடாது.

என் படத்தின் பெயர் monkey.png.

நாக்கைக் கடித்துக்கொண்டான். அடியில் !monkey.png என்று விலக்கு எழுதினான்.

"இப்ப அனுப்புங்கக்கா, குரங்கு உள்ள வந்துடும்."

"அது வரட்டும். அத வெளியில நிறுத்தின குரங்க என்ன பண்றது?"