முடிந்தது என்று சொன்ன திரை

அருப்புக்கோட்டையில் விவசாயிகள் கூட்டமைப்பு ஒன்றின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள் செல்வலட்சுமி. காட்டில் எடுத்த பயிர்ப் படங்களைச் சுருக்கி, ஓரத்தில் ஊரும் தேதியும் பதித்தால்தான் இணையதளம் ஏற்கும். அதற்குப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட்ட அவளுக்கு மட்டுமே தெரியும். அதனால் எல்லோரும் பென் டிரைவோடு அவள் மேஜைக்கு வருவார்கள். பாளையம்பட்டியில் தனியறையில் குடியிருந்தவளுக்கு நாளெல்லாம் வாய்க்கிற பேச்சு அவ்வளவுதான்.

"நீ லீவு போட்டா வேலை நின்னுபோகுதும்மா. நாங்களே அமுக்கினா ஓடுற மாதிரி செஞ்சு குடு" என்றார் மேனேஜர் ராமசுப்பு.

ஸ்கிரிப்டையும் பைத்தானையும் பைஇன்ஸ்டாலர் என்ற கருவியில் போட்டு ஒரே கோப்பாகக் கட்டினாள். கறுப்புத் திரை மிரட்டுமென்று அதையும் மறைத்தாள். ஐகானை இரண்டு தட்டுத் தட்டினால் எந்த ஃபோல்டர் என்று கேட்கும். வேலையானதும் 'முடிந்தது' என்று சொல்லும். அந்தச் சொல் வந்ததைப் பார்த்தாளே தவிர, படங்கள் வந்தனவா என்று பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கிளார்க் ராக்கம்மாள் வந்தாள். "முடிஞ்சதுங்குது, படத்தைக் காணமே?"

செல்வலட்சுமிக்கு உடனே புரிந்துவிட்டது. படங்களை ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலேயே சேமிக்க எழுதியிருந்தாள். ஒரே கோப்பாகக் கட்டிய நிரலோ ஓடும்போது ஒரு தற்காலிக ஃபோல்டரில் தன்னை விரித்துக்கொள்ளும். மூடும்போது அதை அழித்துவிடும். படங்களும் அதோடு போயின. இரண்டு வரி மாற்றினால் சரியாகிவிடும்.

"கொண்டாங்கக்கா, நானே பண்ணித் தாரேன்" என்றாள்.

ராக்கம்மாள் அரைமணி நேரம் உட்கார்ந்து மகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாள். மறுநாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அந்த இரண்டு வரியை அவள் தொடவில்லை.

வியாழக்கிழமை, களப்பணி பார்க்கும் வீரபத்திரன் சட்டையெல்லாம் புழுதியோடு வந்தார்.

"நாந்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேம்மா. நேத்து முடிஞ்சதுன்னு காட்டுச்சுல்ல, இடமில்லன்னு போன்லயும் பென் டிரைவுலயும் இருந்த ஒரிஜினலையும் அழிச்சுட்டேன். இன்னிக்கு எம்.ரெட்டியபட்டிக்கு மறுபடி போயி, பருத்திக்காடு பூரா நடந்து எடுத்தாந்தேன். மேனேஜர்ட்ட சொல்லிராத."

அறுபதை நெருங்கியவர். முழங்காலைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"நீங்க ஒண்ணும் கெடுக்கல சார். தப்பு என்னோடது. திங்கக்கிழமையே எனக்குத் தெரியும்."

வீரபத்திரன் அவளை வெறித்துப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றவர், பென் டிரைவை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஓட்டுபவர் தேர்ந்தெடுத்த ஃபோல்டருக்குள்ளேயே படங்கள் சேரும்படி மாற்றி, நிரலைப் புதிதாகக் கட்டினாள். பைத்தானே இல்லாத ராக்கம்மாளின் கம்ப்யூட்டரில் ஓட்டி, ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தாள். நடந்ததை மேனேஜரிடமும் சொன்னாள். திட்டித்தான் விட்டார்.

நிரல் ஒழுங்காக ஓடியதால் அதன்பின் யாரும் அவளைத் தேடி வரவில்லை. வீரபத்திரன் வணக்கத்தோடு கடந்துபோனார். ஒருவாரம் கழித்து, மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவளே எழுந்து ராக்கம்மாளின் மேஜைக்குப் போனாள்.

மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்த ராக்கம்மாள் போனைக் காதிலிருந்து விலக்கினாள். "என்னம்மா, எதும் மாத்தணுமா?"

"இல்லக்கா. சும்மாதான் வந்தேன்."

ராக்கம்மாள் மகளோடு பேச்சைத் தொடர்ந்தபடியே, டிபன் பாக்ஸ் வைக்க மேஜையிலிருந்த ஃபைல்களை ஓரமாகத் தள்ளினாள்.