கீழே எழுதியிருக்கும்

காலையில் அவன்தான் முதலில் எழுவான். பாலை அடுப்பில் வைப்பான். மாத்திரை டப்பாவில் அன்றைய கட்டத்தைத் திறந்து, இருப்பதை ஒரு கிண்ணத்தில் கொட்டி, பக்கத்தில் தண்ணீர் வைப்பான். அவள் எழுந்து கட்டிலிலேயே உட்கார்ந்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு விழுங்குவாள். அப்புறம் போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு தலை வாருவாள். போனில் கோச் பேசுவார். அவன் காபியை ஆற்றுவான். குடித்துவிட்டு இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள். அவள் வரவேற்பில் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் வாசலில் இறங்கிக்கொள்வாள். அவன் இன்னும் மூன்று நிறுத்தம் போகவேண்டும்.

கோச் என்பது பட்டப்பெயர். எந்த விளையாட்டுக்கும் அவர் பயிற்சி கொடுத்ததில்லை. பணத்தைப் பெருக்குவது எப்படி என்று ஒரு நிமிட வீடியோக்களாகப் போட்டுத் தள்ளுகிறவர். அந்த வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவன் வேலை. கோச் திரையில் வந்ததும் அவள் சொல்வாள்:

"உங்க முதலாளி வந்துட்டாரு. எழுந்து நில்லுங்க எடிட்டரே."

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மாற்றியாக வேண்டும், ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செலவில் முக்கால்வாசியை இரண்டு பேரும் சேர்ந்து வங்கியில் போட்டுவைத்திருந்தார்கள். மீதிக்கு அவனுடைய அண்ணனிடம் போய் நிற்பதாக ஏற்பாடு. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் கொடுப்பார். கொடுத்துவிட்டுப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவருடைய புண்ணியத்தில்தான் என் நெஞ்சு துடிக்குதுன்னு ஆயுசு முழுக்கக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா என்பாள்.

ஒரு காலையில் போனில் ஒரு பெண் முகக் கிரீம் ஒன்றை ஆகா ஓகோவென்று புகழ்ந்துகொண்டிருந்தாள். வாங்கலாமா என்று இவள் கேட்டாள். தொழில் தெரிந்தவன் என்ற மிதப்பில் அவன் பாடம் எடுத்தான்.

"காசு வாங்கிட்டுப் பேசினா கீழ எழுதியாகணும். கட்டண விளம்பரம்னு. அது விதி. எழுதியிருக்கான்னு பாரு. இருந்தா அவ சொல்றது அவ கருத்து இல்ல, கம்பெனிக்காரன் கருத்து."

எழுதியிருந்தது. அவள் சீப்பை வைத்துவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து அது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. எந்த வீடியோ வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடியில் தேடுவாள். கிளினிக்கில் பல் வலியோடு காத்திருக்கிறவர்களுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்தாள். அவனுக்குப் பெருமையாக இருந்தது.

அவன் வேலை பார்க்கும் இடம் ஒரு அடுக்குமாடியின் நடுத்தளத்தில் இரண்டு அறை. ஒன்றில் விளக்குகள், ஒரு புத்தக அலமாரி, கோச்சின் நாற்காலி. புத்தகங்கள் மொத்த விலைக்கு எடைபோட்டு வாங்கியவை. இன்னொன்றில் அவனும் அவன் கணினியும். போனில் பார்க்கிற நெட்டை வீடியோவில் ஒரு சங்கதி உண்டு. திரையின் அடிப்பகுதியை அந்தச் செயலியே எடுத்துக்கொள்ளும். கணக்கின் பெயர், தலைப்பு, பொத்தான்கள் எல்லாம் அங்கே வந்து உட்காரும். அந்தப் பட்டையில் நாம் எதை வைத்தாலும் மூடிப்போகும். அதனால் எழுத்து எதையும் அங்கே வைக்கக்கூடாது என்பது எடிட்டருக்கு முதல் பாடம்.

பங்கு வர்த்தகச் செயலி ஒன்று கோச்சிடம் ஒப்பந்தம் போட்டபோது, கட்டண விளம்பரம் என்று போட்டாக வேண்டும் என்று அவரே சொன்னார். விதியை மீறுகிற ஆள் இல்லை அவர். எங்கே வைப்பது என்று அவன் கேட்டான். கோச் கணினித் திரையின் அடியில் விரலை வைத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. வெளிர் சட்டையின் மேல் வெள்ளை எழுத்து, அந்தப் பட்டைக்குள். வீடியோவை ஏற்றும்போது இது விளம்பரம் என்று தட்டுவதற்குத் தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் பார்க்கிறவர்கள் குறைவார்கள் என்று கோச் அதைத் தொடவிடுவதில்லை.

இன்னும் சிலவும் அவனுக்குத் தெரியும். ஒரே சட்டையில் ஒரே நாளில் கோச் இரண்டு வீடியோ பேசுவார். ஒன்றில் இந்தப் பங்கு ஏறும், இன்னொன்றில் இறங்கும். கொஞ்ச இடைவெளி விட்டு இரண்டும் போகும். வார முடிவில் பொய்த்ததை அவன் நீக்குவான். பலித்தது நிற்கும். பார்க்கிறவனுக்கு அவர் வாக்கு தப்பாத மனிதர். அவர் காட்டும் லாபக் கணக்கு பயிற்சிக்கணக்கு. அதில் இருப்பது நிஜப் பணமே அல்ல. அவருக்கு வருமானம் பங்கிலிருந்து வரவில்லை. அவர் கொடுக்கும் இணைப்பு வழியாக எத்தனை பேர் கணக்குத் தொடங்கினார்கள், எத்தனை தடவை வாங்கி விற்றார்கள் என்பதிலிருந்து வந்தது. ஒவ்வொரு தடவைக்கும் செயலி ஒரு கட்டணம் பிடிக்கும், அதில் அவருக்குப் பங்கு. வாங்கினவன் ஜெயித்தானா தோற்றானா என்பது அந்தக் கணக்கில் வராது.

சம்பளம் ஒன்றாம் தேதி வந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் அவன் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். உங்க கோச் சொல்ற அந்த ஆப் நல்லதா?

"நான் வெட்டி ஒட்டுற ஆளு. எனக்கென்ன தெரியும்?" என்றான். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

மருத்துவமனையிலிருந்து தேதி வந்தது. முன்பணம் கட்ட வேண்டும் என்றார்கள். அவன் வங்கிக்குப் போனான். கணக்கில் அந்த மாதச் சம்பளத்தின் மிச்சம் மட்டும் கிடந்தது. கவுண்டர் பெண் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். நடந்தே வீட்டுக்கு வந்தான்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் கொஞ்சம் போட்டாளாம். லாபம் வந்ததாம். எடுத்துப் பார்த்தாளாம், வங்கிக்கு வந்துசேர்ந்ததாம். அதில்தான் நம்பிக்கை பிறந்தது. இரண்டு மாதத்தில் அண்ணன் தரவேண்டிய பங்கு தேறிவிடும், அவர் வாசலில் நிற்கவேண்டாம் என்று கணக்குப் போட்டாள். மொத்தத்தையும் போட்டாள். போட்டதைப் போல் பத்து மடங்குக்கு வாங்கச் செயலி கடன் கொடுக்கும், புத்திசாலிகள் அப்படித்தான் செய்வார்கள் என்று கோச் சொல்லியிருந்தார். பத்து மடங்கு ஏறுவது பத்து மடங்கு இறங்கவும் செய்யும் என்று அவர் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் விலை கொஞ்சம் சரிந்தது. கொஞ்சம்தான். அவள் ஒரு நோயாளிக்கு நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, செயலி தன் கடனைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் தானே விற்று முடித்துவிட்டது.

யாரைக் கேட்டுச் செய்தாய் என்று அவன் கத்தவிருந்தான். அவள் போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினாள். கோச் வெளிர் சட்டையில் சிரித்தார். அடியில் அவர் பெயர், தலைப்பு, இணைப்புக்கு அம்புக்குறி. அதற்குப் பின்னால் என்ன எழுத்து, என்ன அளவில், எந்த இடத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தான். விடு, பார்த்துக்கலாம் என்றான். நல்ல புருஷன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். எழுதவில்லை என்றால் காசு வாங்கவில்லை என்று அர்த்தமில்லை. நான் தோற்றால் இவனுக்கு என்ன நஷ்டம் என்று கேள். ஆலோசனை சொல்ல இவனுக்கு அனுமதி உண்டா என்று, அவன் காட்டும் எண்ணை நம்பாமல், அரசாங்கத்தின் பதிவேட்டில் நீயே தேடு. ஜெயித்ததை மட்டும் காட்டுகிறவனிடம் தோற்றதைக் கேள். இன்றைக்கே போடு என்று அவசரப்படுத்தினால் நாளைக்குப் பார். ஆபரேஷனுக்கு வைத்த பணத்தை எவன் சொன்னாலும் சந்தைக்குக் கொண்டுபோகாதே. ஒரு காபி ஆறுகிற நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். அவன் சொன்னதோ அதில் மிகச் சின்னது. அதையும் அவனே கெடுத்துவைத்திருந்தான்.

கோச்சிடம் போய் நின்றான். அவர் கத்தவில்லை, மறுக்கவும் இல்லை. ஃபைலைத் திறக்கச் சொன்னார். பெரிய திரையில், மேலே மூடுவதற்கு ஒன்றும் இல்லாமல், எழுத்து தெரிந்தது.

"போட்டிருக்கோமே தம்பி. நீதானே வச்சே."

பிறகு உள்ளே போய் ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கச்சியைப் பார்த்துக்கோ என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அவன் வாங்கிக்கொண்டான். சாயங்காலம் போகவேண்டிய வீடியோவில் அந்த எழுத்தை இரண்டு விரல்கடை மேலே ஏற்றி வைத்தான். கோச் தன் போனில் பார்த்துவிட்டு, மேல வந்துடுச்சு பாரு என்றார். அவன் கீழே இறக்கினான்.

அண்ணன் கொடுத்தார், எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே. சொல்லவும் சொன்னார், எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே. ஆனாலும் பாதிகூடத் தேறவில்லை. மருத்துவமனை தேதியை வேறு ஒருவருக்குக் கொடுத்தது. அவள் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தவில்லை, விட்டதைப் பிடிக்கவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் போனாள். வாருவதற்குச் சீப்பைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. போனைச் சாய்த்து வைப்பதை மட்டும் விட்டுவிட்டாள். சர்க்கரை டப்பா தனியாக நின்றது.

ஒரு பகலில் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் சரிந்துவிட்டாள் என்றார்கள். அவன் போய்ச் சேருவதற்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். அவளுடைய அக்கா கேட்டாள். அண்ணன் கேட்டார். கிளினிக் டாக்டரம்மா கேட்டார். கடைசியில் பேசினாளா, என்ன சொன்னாள்? உடம்பைப் பார்த்துக்கச் சொன்னா என்றான் அக்காவிடம். அண்ணனுக்கு நன்றி சொல்லச் சொன்னா என்றான் அண்ணனிடம். எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. சொல்லிச் சொல்லி அவனுக்கே எது நடந்தது என்று குழம்பிவிடும் போலிருந்தது. அதற்காகவே தினமும் காலையில், பால் பொங்கும் வரை, நடந்ததை நடந்தபடி ஒருமுறை நினைத்துக்கொள்கிறான்.

அன்று வெயில் மருத்துவமனை ஜன்னல் வழியாகக் கட்டிலின் பாதிவரை விழுந்திருந்தது. நர்ஸ் சீக்கிரம் பேசிவிட்டு வெளியே போகச் சொன்னாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று அவன் முடிவுசெய்துகொண்டுதான் போயிருந்தான். ஆக்சிஜன் முகமூடியை அவள் தானே கொஞ்சம் விலக்கினாள். அந்த வீடியோவைப் பத்தி ஒண்ணு சொல்லணும் என்று அவன் ஆரம்பித்தான். திட்டப்போகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் தலையை ஆட்டி அவனை நிறுத்தினாள்.

"நான் பார்த்துட்டுதாங்க போட்டேன். கீழ ஒண்ணும் எழுதியிருக்கல."