மாமனாரைப் பற்றி மூன்று வரி

ஒரு தொழில் சங்கத்தில் நான் கணக்கு எழுதுபவள். வேலை தேடுகிறவர்களும் வேலை கொடுப்பவர்களும் சந்திக்கச் சங்கம் நடத்தும் அறிமுகக் கூட்டத்தில் வாசல் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கழுத்து அட்டை கொடுப்பதும் என் தலையில்தான் விழும். இந்த முறை அட்டையில் பெயருக்குக் கீழே மூன்று வரி உண்டு. பதவி, பட்டம், அனுபவம் எதுவும் கூடாது. படிப்பவர் நின்று ஏதாவது கேட்க வேண்டும். அதற்குத்தான் அந்த மூன்று வரி.

என் கணவர் மின்கருவி வடிவமைப்பாளர். வேலை போய் ஏழெட்டு மாதமாக வீட்டில்தான் இருக்கிறார். தன் அட்டைக்கு இப்படி எழுதிக் கொடுத்தார்: ‘காது கேட்காத என் மாமனாருக்காக, அழைப்பு மணியை அழுத்தினால் மின்னும் விளக்கு ஒன்று செய்தேன். அவர் அதைத் துண்டு போட்டு மூடிவைக்கிறார். ஏன் என்று கேளுங்கள்.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

“மூடிவைக்கிறாரா? மூடிவச்சாருன்னு எழுதக் கை வரலையா?”

“எழுதிப் பார்த்தேன். படிக்கறவங்க, இப்ப எப்படி இருக்காருன்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லணும். ஐயோ பாவம்னுட்டு நகர்ந்துடுவாங்க. பேச்சு அங்கேயே படுத்துடும்” என்றார். பிறகு குரலை இறக்கி, “இந்த ஒரு தடவை விட்டுடும்மா” என்றார்.

அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.

அட்டை நன்றாகவே வேலை செய்தது. காபி மேசைப் பக்கம் அவரைச் சுற்றி நாலு பேர்.

“ஏன் சார் மூடறார்?”

“காது கேக்காததுல இருக்கற ஒரே சுகம், யார் வந்தாலும் தூக்கம் கெடாது. அதையும் பிடுங்கிட்டீங்களே மாப்பிள்ளைன்னு கேக்கறார்! அன்னைக்குத்தான் புரிஞ்சுது. செய்யறதுக்கு முன்னாடி, உபயோகிக்கப் போறவரைக் கேக்கணும்.”

சிரிப்பு வாசல் வரை கேட்டது. அடுத்த கும்பலுக்குச் சொல்லும்போது அப்பாவைப் போலவே தலையை ஆட்டிக் காட்டினார். அச்சு அசல் அப்பா. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் தாங்கவில்லை.

கூட்டம் கலையும் நேரத்தில் கணவர், மனைவியை அறிமுகம் செய்கிறேன் என்று ஒரு அம்மாளை என் மேசைக்கு அழைத்து வந்தார். முதியவர்களுக்கான கருவிகள் செய்யும் நிறுவனத்தின் மேலாளர்.

“திங்கக்கிழமை இவரை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கேன். எங்க டீமுக்கு இவர்தான் சரின்னு தோணுது” என்றார் அந்த அம்மாள். “ஒரு ஆசைங்க. உங்க அப்பாவும் கூட வரட்டும். எங்க கருவியைப் பார்த்து நாலு குறை சொல்லட்டும். வருவாரா?”

கணவர் திரும்பி என்னையே பார்த்தார். உண்மையைச் சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்குத் தெரிந்தது.

“அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேங்க” என்றேன்.

கணவர் நிம்மதியாக மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அந்த நிமிடம் அவரையும் பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை. அந்த அம்மாள் சந்தோஷமாகத் தன் நம்பரை எழுதி என் கையில் கொடுத்து, “எப்ப வசதின்னு உங்க அப்பாவையே மெசேஜ் போடச் சொல்லுங்க” என்றார்.