பெரிய கம்பி மேலே

லிண்டலுக்குக் கம்பிக்கூடு கட்டும்போது கம்பிக்காரரும் அவர் மைத்துனனும் அதைத் தலைகீழாகத்தான் கட்டுவார்கள். சுவரின் பாரம் அழுத்தினால் வாசலுக்கு மேலே இருக்கும் லிண்டல் அடிப்பக்கத்தில்தான் பிளக்கப் பார்க்கும். அதனால் தடித்த கம்பி இரண்டும் அடியில் இருக்க வேண்டும், மெலிந்த இரண்டும் மேலே. ஆனால் கட்டுகிற இடத்தில் மெலிந்த கம்பியை இரண்டு முக்காலிகளுக்கு நடுவே நீட்டினால் தொய்ந்துபோகும். ஆகவே தடித்ததை மேலே நீட்டி, அதில் சதுர ரிங்குகளை வரிசையாகத் தொங்கவிட்டு, சாக்பீஸ் கோட்டுக்கு நேராக அரையடிக்கு ஒன்று, ஓரங்களில் இன்னும் நெருக்கமாக நிறுத்தி, மெலிந்ததைக் கீழ்மூலைகளில் சொருகுவார்கள். மூலைக்கு மூலை இரட்டைக் கட்டுக்கம்பியைப் போட்டுக் கொக்கியால் இரண்டு சுற்று, மூன்றாவது பாதி. அதற்கு மேல் முறுக்கினால் அறுந்துவிடும். கட்டி முடித்ததும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, தூக்கும்போதே ஒரு புரட்டு புரட்டிக் கொண்டுபோய் வைப்பார்கள். பதினோரு வருடமாக இதற்கு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தப் பதினோரு வருடமும் ஒரு காலைப்பொழுதில் முறிந்தது. மைத்துனன் ரிங்குகளை ஒரு விரல் குறைவாக வளைத்துவிட்டான் என்று கம்பிக்காரர் கத்தினார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கோபம் வந்தால் அவருக்குக் கண்மண் தெரியாது. கொத்தனார், சித்தாள்கள், கலவைக்குப் பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "நீ இல்லாட்டி என் வேலை நின்னுடுமா?" என்று கேட்டார். அவன் கொக்கியை மணலில் எறிந்துவிட்டு அன்றைக்கே சென்ட்ரிங் ஆட்களோடு சேர்ந்துகொண்டான். அதே கட்டிடம்தான். எதிரெதிரே நடப்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள், தெருவைப் பார்த்த கடை வாசலுக்குக் கூடு கட்டினார் கம்பிக்காரர். பத்தடி வாசல், பக்கத்துக்கு முக்காலடி சுவரில் உட்காரும் கூடு. தன்னந்தனியாக, யார் உதவியும் இல்லாமல். கட்டு ஒவ்வொன்றும் கல்லு மாதிரி இருந்தது, அதில் அவருக்குக் கொஞ்சம் திமிர்கூட. கொத்தனாரின் ஆட்களைக் கூப்பிட்டு, "தூக்கி வைங்கப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். புரட்டி வைக்கச் சொல்லத் தோன்றவில்லை. அதைச் சொல்லவேண்டிய வேலை ஒருநாளும் அவருக்கு இருந்ததில்லையே! அந்த ஆட்களுக்கோ சதுரக் கூடு எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

அவர் இறங்கி வந்தபோது ஒரு முனையிலிருந்து கலவை கொட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் மூடியாயிற்று. மீதிப் பாதியில் தடித்த கம்பி இரண்டும் மேலே கிடந்தன.

நிறுத்துங்கள் என்றால் போதும். கலவையை வாரிப் போட்டு, கூட்டை உருவிப் புரட்டி வைக்க அரைமணி நேரம் ஆகியிருக்கும். பெரிய விஷயமே இல்லை. ஆனால் பலகையைத் தாங்கும் முட்டுக்குப் பக்கத்தில், ஆப்பு அடித்துக்கொண்டு, மைத்துனன் நின்றிருந்தான். இவன் முன்னாலா வாயைத் திறப்பது? அவர் திறக்கவில்லை. கலவை மூடிக்கொண்டது. ஊருக்கெல்லாம் உரக்கப் பேசுகிற வாய், வேண்டிய நேரத்தில் பசை போட்டு ஒட்டியதுபோல் கிடந்தது.

அதன் பிறகு அந்த லிண்டல்மேல் நாலடிச் சுவர் எழுந்தது. முட்டுகளை எடுத்தாலும் தாங்கும், சிமென்ட் நல்ல சிமென்ட், என்று அவர் தினமும் தனக்கே சொல்லிக்கொண்டார். ராத்திரிகளில் தூக்கம் போயிற்று. பதினைந்தாம் நாள் காலையில் மனைவி தட்டை வைத்துக்கொண்டே, "தம்பி இன்னைக்கு அந்தக் கடை வாசல் முட்டைப் பிரிக்கிறானாம். நீங்களாவது ஒரு வார்த்தை பேசக்கூடாதா?" என்றாள்.

கம்பிக்காரர் தட்டைத் தொடாமலே சைக்கிளை எடுத்தார். எழுந்து நின்று மிதித்தார். அவன் காலில் விழுந்தாலும் சரி, அவனை அந்த வாசலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே போட்டுவிட வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டாம்.

பாதி வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் மைத்துனன்.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்தார். "மாப்ள, வேலைக்குப் போகலையா?"

"போகல மாமா." அவன் நிமிரவில்லை. டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

"ஏன்டா?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன்."

உடம்புக்கு ஒன்றுமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கம்பிக்காரர் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார்.

"நீயும் பாத்தியா?"

"பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன். நீங்க சொல்லல. சரி, நான் இல்லாம என்ன லட்சணமா வேலை நடக்குதுன்னு ஊரு பாக்கட்டும்னு..." அவன் டீ கிளாஸைத் தள்ளி வைத்தான். "அப்புறம் சொல்ல பயமாயிடுச்சு மாமா. ஏன் அன்னைக்கே சொல்லலன்னு கேப்பாங்களே."

"அப்ப யாரு பிரிக்கிறா?"

"பாட்டுக்காரன்."

பாட்டுக்காரன் என்பது வேலை செய்யும்போது வாய் ஓயாமல் பாடுகிற சென்ட்ரிங் ஆள். பாட்டு கேட்கச் சகிக்காது, ஆள் தங்கம். மைத்துனனுக்கு முட்டு அடிக்கக் காட்டிக்கொடுத்தவனும் அவன்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள்.

தெருமுனை திரும்பும்போதே புழுதி தெரிந்தது.

லிண்டல் நடுவில் இரண்டாக ஒடிந்து, நாலடிச் சுவரையும் இழுத்துக்கொண்டு வாசலில் கிடந்தது. உடைந்த இடத்தில், மேல்பக்கமாக, தடித்த கம்பி இரண்டும் வளைந்து நின்றன. அடியில் இருந்த மெலிந்தது இரண்டும் இழுபட்டு அறுந்திருந்தன. ஒரு கட்டுகூட அவிழவில்லை. பாட்டுக்காரன் இடுப்புவரை உள்ளே இருந்தான். கொத்தனாரும் மற்றவர்களும் கடப்பாரை போட்டு நெம்பிக்கொண்டிருந்தார்கள். கம்பிக்காரர் கையாலேயே செங்கல்லை வாரினார். நகம் பெயர்ந்தது தெரியவில்லை.

பாட்டுக்காரன் கண் திறந்திருந்தான். மைத்துனனைப் பார்த்ததும் அவன் உதடு அசைந்தது.

"உடம்பு சரியில்லன்னாங்களே, இப்ப எப்படிடா இருக்கு?"

மைத்துனன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"நடு முட்டைத்தான் முதல்ல எடுத்தேன்," என்றான் பாட்டுக்காரன். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. "அப்புறம் ரெண்டு பக்கமும். அப்படித்தானே எடுக்கணும்? பதினாலு நாள் ஆச்சே. எங்க தப்பு பண்ணேன்னு தெரியலையே அண்ணே."

கொத்தனார் கம்பிக்காரரின் காதருகே குனிந்தார். "நீ வாயைத் திறக்காத. உன் கட்டு சுத்தமா இருக்கு. முட்டை அவசரப்பட்டுப் பிரிச்சுட்டான்னு போயிடும்."

தப்பிக்க வழி அவ்வளவு சுலபமாக இருந்தது. கம்பிக்காரர் கொத்தனாரை விலக்கிவிட்டுப் பாட்டுக்காரன் பக்கம் குனிந்தார்.

"நீ சரியாத்தான் செஞ்சப்பா," என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. "கூடு தலைகீழா உக்காந்துடுச்சு. என் வேலை. கலவை போடும்போதே பாத்தேன். பாத்துட்டு சும்மா இருந்தேன்."

"நானும் பாத்தேன்," என்றான் மைத்துனன்.

கடப்பாரைகள் நின்றன. பாட்டுக்காரன் திட்டுவான், காறித் துப்புவான் என்று கம்பிக்காரர் காத்திருந்தார். அவன் முகமோ தெளிந்தது.

"அப்ப என் மேல தப்பில்ல," என்றான். "என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடுங்கண்ணே. எப்பப் பாத்தாலும் கவனமில்லாத மனுஷன்னு திட்டுவா. நான் கவனமாத்தான் இருந்தேன்னு சொல்லிடுங்க."

அவனை வெளியே எடுத்து வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் போய்விட்டான்.

மத்தியானம், சட்டையில் புழுதியும் ரத்தமுமாக, இருவரும் அவன் குடியிருந்த சந்துக்குள் நுழைந்தார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. முதலில் யார் பேசுவது என்று மைத்துனன் அவர் முகத்தைப் பார்த்தான். கம்பிக்காரர் வாசற்படியில் கால் வைத்து, "தங்கச்சி" என்று கூப்பிட்டார்.