மறுமுனை

தம்பி செத்துப்போன பிறகு, கண்ணாடிக்கடை அக்கா எந்தக் கண்ணாடியின் ஒரு முனையைத் தூக்கினாலும் மறுமுனை தானாகவே எழுந்து நின்றது. தெருவில் யாரும் அதற்காகக் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவரவில்லை. எதிர்க்கடை சைக்கிள்காரர் மட்டும் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, ஒத்தை ஆளாக இவ்வளவு பெரிய கண்ணாடியா, பார்த்துப் போம்மா, வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்று சொல்லிவிட்டு மறுபடி டியூபைத் தண்ணீரில் முக்கினார். தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட. தம்பி நாளெல்லாம் அக்கா அக்கா என்று கத்திக்கொண்டிருந்ததில் எல்லார் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவன் போன பிறகும் கூப்பிட்டார்கள். இனி தான் யாருக்கு அக்கா என்பது மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

அந்தக் கடையில் கண்ணாடி தூக்க ஒரு முறை இருந்தது. கண்ணாடியைப் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது, தன் பாரத்திலேயே விரிசல் விடும். நிமிர்த்திப் பிடித்து, ஒரு கை அடியிலும் ஒரு கை மேல்விளிம்பிலுமாக ஆளுக்கொரு முனையில் நடக்க வேண்டும். மாடிப்படி வந்தால் அக்கா பின்பக்கமாக ஏறுவாள். கீழே நிற்கும் தம்பிதான் அவளுக்குக் கண். படி, இன்னொரு படி, இடது பக்கம் சுவர், இறக்கு என்று அவன் சொல்லிக்கொண்டே வர, அவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு வாய்ச் சோற்றுக்குச் சண்டை போடும் இருவரும் படிக்கட்டில் மட்டும் ஒருவர் பேச்சை ஒருவர் தட்டியதில்லை.

கடைசிச் சண்டை அளவு டேப்புக்காக வந்தது. நல்ல டேப்பை எங்கேயோ வைத்துவிட்டு வந்துவிட்டான். நாளைக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டு, இல்லையென்றால் கொன்றுவிடுவேன் என்று அவள் சொன்னாள். பால்பல் விழாத காலத்திலிருந்து ஆயிரம் தடவை சொன்னதுதான். அவன் நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு, தலைவலிக்கிறது என்று படுக்கப் போனான். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால் அழுகை முழுவதும் அம்மாவுக்கே கிடைத்தது. அக்கா நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், செருப்புகளை ஓரமாகத் தள்ளினாள். போகிறபோது ஒவ்வொருவரும் அவளிடம் ஒரே பாடத்தை ஒப்பித்தார்கள்: "அம்மாவை நல்லாப் பாத்துக்கோ. நீதான் தைரியமா இருக்கணும்." ஒருவர் அப்படியே தன் வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு அளவும் கொடுத்துவிட்டுப் போனார். அவள் தலையாட்டினாள். அழுகை வரவில்லை. எல்லாரும் போனதும் தம்பியின் சட்டைப்பைகளில் டேப்பைத் தேடினாள். எதற்குத் தேடுகிறாள் என்றும் தெரியவில்லை, கிடைக்காததற்குக் கோபம் மட்டும் பொத்துக்கொண்டு வந்தது. செத்தவன்மேல் கோபப்படலாமா என்று கேட்கவும் ஆள் இல்லை. இந்த மாதிரி விஷயத்தை அவள் அவனிடம்தான் கேட்பாள்.

பிறகு வேலைக்கு இறங்கினாள். மேஜையில் கம்பளத்தை விரித்து, எண்ணெய் தொட்ட கட்டரால் ஒரே இழுப்பில் கோடு போட்டு, விளிம்பில் வைத்து ஒடித்தாள். தூக்கியபோது மறுமுனை எழுந்தது, சரியாக அவன் தோள் உயரத்துக்கு. ஆனால் குரல் வரவில்லை. பின்பக்கமாகப் படி ஏறும்போது காலால் துழாவித் துழாவி ஏறினாள். மாடிக்கு வந்து சேர்ந்த பிறகு அடுத்த தொல்லை: இறக்கு என்ற சொல் எப்போதும் அவனுடையது, அவள் சொன்னதே இல்லை. அது காதில் விழாமல் அவள் கையும் இறங்கவில்லை, மறுமுனையும் இறங்கவில்லை. வீட்டுக்காரர்கள் இறக்குங்கள் இறக்குங்கள் என்று மரியாதையாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து பார்ப்பார்கள்; அவள் அப்படியே நின்றுகொண்டிருப்பாள். கடைசியில் தன் முனையைச் சுவரில் சாய்த்து, ஓடிப்போய் அடுத்த முனையைத் தோளால் அழுத்தி எப்படியோ கீழே கொண்டுவருவாள். இப்படியே மாதங்கள் போயின. தோள்பட்டை கன்றிப்போய், தலைசுற்றலும் வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"ஒருத்தன்."

"என்ன பண்றார்?"

ஒருத்தன் இருந்தான் என்று சொல்வதா, நான் ஒரே பிள்ளை என்று சொல்வதா? இரண்டுமே பொய் சொல்வதுபோல் இருந்தது.

"கண்ணாடி தூக்குறான்" என்றாள். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

விஷயம் அம்மாவின் காதுக்குப் போக ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. சைக்கிள்காரர்தான் பேச்சுவாக்கில், உங்கள் பையன் இன்னும் வேலையை விடவில்லை போலிருக்கிறதே என்றார். அம்மா தலையைக்கூட முடியாமல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அப்போது அக்கா ஓர் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கியபடி கடை நடுவில் நின்றிருந்தாள். அம்மா மறுமுனைக்கு ஓடி, அங்கே இருக்க வேண்டியவனைக் கட்டிப்பிடித்தாள். கைகள் காற்றைத் துழாவி அவள் மார்பிலேயே வந்து முட்டின. மறுபடி பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி அசையாமல் நின்றது.

"உங்கிட்ட மட்டும் எதுக்குடி வர்றான்?" அம்மா கத்தினாள். "நான்தானே பெத்தவ! எனக்குத்தானே புள்ள போச்சு!"

"எனக்கும் போயிட்டான்மா."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே அது தெரிந்ததுபோல் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் முகம். அதன்மேல் மங்கலாக அவளுடைய முகமும் விழுந்திருந்தது. அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள், கன்றிய தோளைப் பார்த்தாள். ஒரு வருடமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவள் யார் என்று அப்போதுதான் அடையாளம் தெரிந்ததோ என்னவோ.

"ஏன் இப்படியே நிக்கிற? கீழ வையேன்."

"அவன் சொன்னாத்தான் வைப்போம்."

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகன் வேலை செய்ததை அவள் பார்த்ததே இல்லை. "என்ன சொல்லுவான்? எப்படிச் சொல்லுவான்? எனக்குச் சொல்லும்மா" என்றாள். தம்பி எப்படிப்பட்டவன் என்று அக்காவிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா சொன்னாள். படி என்பதை எப்படி இழுப்பான், சுவர் என்றால் எப்படிப் பதறுவான், வேண்டுமென்றே இல்லாத படியைச் சொல்லி எப்படிச் சிரிப்பான், எல்லாம் சொன்னாள். ஒருமுறை அவள் விரல் கண்ணாடிக்கு அடியில் நசுங்கியதிலிருந்து எப்போதும் தன் முனையை ஒரு கணம் முந்தி வைத்துவிட்டுத்தான் அவளை வைக்கச் சொல்வான் என்பதையும் சொன்னாள். அது அம்மாவுக்குத் தெரியாது. உலகத்தில் வேறு யாருக்குமே தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் மறுமுனையைப் பார்த்தாள்.

"இறக்குடா" என்றாள்.

மறுமுனை மெதுவாகத் தாழ்ந்து, கீழே விரித்திருந்த கம்பளத்தில் முதலில் உட்கார்ந்தது. ஒரு கணம் பொறுத்து அவள் தன் முனையை வைத்தாள். விரலில் ஒன்றும் படவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அம்மா எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு இறக்கும் தொல்லை இல்லை. மாடிப்படி வேலைகளுக்கு அம்மாவும் கூட வந்து, படி படி என்று தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டு ஏறினாள். ஒரு நாள் காலையில் கடையைத் திறந்தபோது நல்ல டேப் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான் உன் நாளைக்காடா?" என்று அக்கா திட்டிவிட்டு, டேப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு வீட்டு ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனாள்.