முப்பத்தொன்றாம் பக்கம்

அந்த மருத்துவமனையின் நிர்வாகக் கூட்டக் குறிப்புகள் எந்த மாதமும் நாற்பது பக்கத்துக்குக் குறைந்ததில்லை. எழுதுகிறவள் கூட்டச் செயலாளர். குறிப்புகள் முடிந்ததும் அவற்றின் தலையில் ஒரு பக்கச் சுருக்கத்தையும் அவளே வைக்க வேண்டும். கூட்டத்துக்கு வராத இயக்குநர் படிப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான். மிச்சத்தையும் படிப்பதாக அவர் பொய்க்குக்கூடச் சொன்னதில்லை.

அவள் வேலை என்னவென்று அண்ணி ஒருமுறை கேட்டாள். நாற்பத்தாறு பக்கத்தை ஒரு பக்கமாக்குவது என்றாள் இவள்.

"அப்ப மீதி நாப்பத்தஞ்சு பக்கம்?"

"படுத்துக்கும் அண்ணி."

சிரித்தாயிற்று. சிரிக்க வேண்டிய விஷயமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

குறிப்புகளின் ஒவ்வொரு பக்கத்திலும் கூட்டத்துக்கு வந்தவர்கள் கையெழுத்திடுவார்கள். அதனால் அதில் ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்ற முடியாது. சுருக்கத்துக்கு அந்தக் காவல் கிடையாது. அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் அவளுடைய இரண்டெழுத்துச் சுருக்கொப்பம் மட்டும் இருக்கும். மேலே போகுமுன் அது செயல்பாட்டு மேலாளரின் மேசைக்குப் போய் வரும். விதியில் இல்லை, வழக்கம். அவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் மெருகு. எதையும் அடிக்க மாட்டார், லேசாகத் தேய்த்துவிடுவார்.

போன மாதக் கூட்டத்தில் கருவிச் சுத்திகரிப்பு அறையின் சிஸ்டர் ஏழு நிமிடம் பேசினார். அறுவைக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் இரண்டு ஆட்டோகிளேவ்களில் ஒன்றின் கதவுப் பூட்டு பழுது. உள்ளே அழுத்தம் முழுதாக இறங்குமுன் கதவு திறக்கவே கூடாது. இரண்டு முறை திறந்துகொண்டது. நல்லவேளை, எதிரே ஆள் இல்லை. புதுப் பூட்டு வர மூன்று வாரமாகும், அதுவரை அதை நிறுத்திவைக்க இயக்குநரின் ஒப்புதல் வேண்டும் என்று கேட்டார். குறிப்புகளில் அது முப்பத்தொன்றாம் பக்கம்.

அவள் முறைப்படிதான் எழுதினாள். இயக்குநர் முடிவெடுக்க வேண்டியது முதலில். என்ன கேட்கிறார்கள், ஏன், செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன, எந்தப் பக்கம். 'இரண்டாம் ஆட்டோகிளேவை உடனே நிறுத்த ஒப்புதல் தேவை. அழுத்தம் இறங்குமுன் கதவு இருமுறை திறந்துள்ளது. நிறுத்தினால் மூன்று வாரத்துக்கு அறுவைகள் மூன்றில் ஒரு பங்கு குறையும். நிறுத்தாவிட்டால் ஊழியர்மீது நீராவி பாயும் அபாயம். பக்கம் 31.'

மெருகின் மேசையிலிருந்து திரும்பியபோது முதல் வரியில் வாகன நிறுத்தத்தின் நிழற்கூரை உட்கார்ந்திருந்தது. ஒன்பதாவது வரியில், 'கருவிப் பராமரிப்பு குறித்துப் பயனுள்ள கலந்துரையாடல் நடைபெற்றது.'

அவள் தயங்கினாள். பெரியவங்களுக்குக் கெட்ட சேதிய மொத்தமா ஊட்டக் கூடாதும்மா, விவரமெல்லாம் உள்ள பத்திரமா இருக்குல்ல, என்றார் அவர். அந்த மாத அறுவை எண்ணிக்கை குறைந்தால் அது அவர் கணக்கில் ஏறும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. நம் எழுத்துதான் சரியில்லையோ, அனுபவம் போதாதோ என்று தன்னையே சந்தேகப்படுவது அவளுக்குச் சுலபமாக வரும். சுருக்கொப்பம் போட்டு அனுப்பினாள்.

பதினெட்டாம் நாள் கதவு மூன்றாம் முறை திறந்தது. இந்த முறை எதிரே ஆள் இருந்தாள். அந்த அறையின் உதவியாளர், சிஸ்டரின் தங்கை வயது. வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோயிற்று.

விசாரணை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. தகவல் மேலே போகவில்லை என்றார் சிஸ்டர். மெருகு குறிப்புகளைப் புரட்டி, விரலில் எச்சில்கூடத் தொட்டுக்கொள்ளாமல், சரியான பக்கத்தில் நிறுத்தினார்.

"முப்பத்தொண்ணு. ஒரு வார்த்தை குறையல. யாரு எதை மறைச்சா சிஸ்டர்?"

உண்மைதான். ஒரு வார்த்தைகூடக் குறையவில்லை. பொய்யே சொல்லாமல் ஒரு கையை வேகவைத்திருக்கிறார்கள். அந்தப் 'பயனுள்ள' என்ற சொல்லுக்குக் கீழே இருப்பது அவளுடைய இரண்டெழுத்து. மேசைக்கடியில் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். எதுவும் ஒட்டியிருக்கவில்லை, ஆனாலும் துடைத்தாள்.

முடிவு: ஊழியர் அவசரப்பட்டுவிட்டார். இனிக் கூடுதலாக ஐந்து நிமிடம் காத்திருந்து திறக்க வேண்டும். நீளக் கையுறை தரப்படும். கருவி ஓடலாம். புதுப் பூட்டும் இன்னும் வந்தபாடில்லை.

வெளியே வந்ததும் சிஸ்டர் அவளை நிறுத்தினார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நாளையிலேருந்து அந்தக் கதவுக்கு வேற ஒருத்திய நிறுத்தணும். யாரைன்னு நீயே சொல்லும்மா."

இந்த மாதக் கூட்டத்தில் சிஸ்டர் அதே கோரிக்கையைத் திரும்ப வைத்தார். அவள் அதே வரிகளை எழுதி, ஒரு ஊழியர் காயமடைந்ததையும் சேர்த்து, உச்சியில் வைத்தாள். பழக்கதோஷம், மெருகின் மேசைக்கும் கொண்டுபோனாள். மதிய உணவு முடிந்து பல்லைக் குத்திக்கொண்டிருந்தவர் பேனாவை எடுத்தார். 'பாதுகாப்பு நடைமுறைகள் மேம்படுத்தப்பட்டுள்ளன' என்று எழுதி, பதினோராவது வரிக்கு அம்புக்குறி போட்டார். உச்சியில் புதிய வரவேற்பறை நாற்காலிகள். எழுதிவிட்டுத் தலையைச் சாய்த்து ரசித்தார்.

"சார், இப்படியே போகட்டும். தயாரித்தவர்ங்கற இடத்துல மட்டும் உங்க ஒப்பம் போடுங்க."

அவர் பேனாவுக்கு மூடி போட்டுவிட்டார். "அது எப்படிம்மா? சுருக்கம் எழுதுறது உன் வேலை. நான் சொல்றது வெறும் யோசனை."

"யோசனை கேட்டாச்சு சார். எழுதுறது என் வேலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

எழுந்து வந்தாள். வேலை போனால் அண்ணியிடம் என்ன சொல்வது என்றுகூட வரிசையாக யோசித்துப் பார்த்தாள். பிறகு தன் வரிகளை மாற்றாமல் இயக்குநருக்கு அனுப்பினாள். கூட்டத்தில் கையெழுத்திட்ட எல்லோருக்கும் நகல் போட்டாள்.

ஒன்பது நிமிடத்தில் பதில் வந்தது. 'எல்லாம் ஒப்புதல்.'

அவ்வளவுதான். கேள்வி இல்லை, கண்டனம் இல்லை. அரை மணி நேரத்தில் சிஸ்டர் இரண்டாம் ஆட்டோகிளேவின் மின்சாரத்தை நிறுத்தி, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். இனி அந்தக் கதவுக்கு எதிரே யாரும் நிற்க வேண்டாம்.

அவள் சந்தோஷப்படத்தான் நினைத்தாள். ஏதோ உறுத்த, போன மாதப் பதிலைத் தேடி எடுத்தாள். நிழற்கூரைக்கும் பயனுள்ள கலந்துரையாடலுக்கும் வந்த பதில். பதினொரு நிமிடத்தில் வந்திருந்தது. 'எல்லாம் ஒப்புதல்.'

மேலே எது இருந்தாலும் அந்த ஆள் ஒப்புக்கொண்டிருப்பார். போன மாதமே அவள் தன் வரியை விட்டுவைத்திருந்தால் போன மாதமே சிவப்பு அட்டை தொங்கியிருக்கும். அந்தக் கை வெந்திருக்காது. மெருகு பயந்ததும், அவள் மெருகுக்குப் பயந்ததும், இரண்டு சொல் தட்டிவிட்டுப் போகும் ஒருவருக்காக.

தண்ணீர் குடிக்க எழுந்தாள். நடைபாதையில் மெருகு இரண்டு மருத்துவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி விஷயத்தை முதல் வரியிலேயே வைத்துவிட வேண்டும், அதைத்தான் இந்தப் பொண்ணுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறேன் என்றார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்னம்மா, பாத்தியா? எழுதுற விதத்துல எழுதினா நடக்குது."

அவள் தண்ணீர் பிடிக்காமலேயே காலிக் குவளையோடு இருக்கைக்குத் திரும்பினாள்.